125 சிசி பைக்: மாதச் செலவு பற்றிக் கேளுங்கள்

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பெட்ரோல் போக எவ்வளவு எடுத்து வைக்கணும்?

900 ரூபாய் வையுங்கள். ஆயிலோடு சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,200 என்றால் மாதம் 400. இரண்டு டயரும் 4,000 ரூபாய், 25,000 கிலோமீட்டர் ஓடும், அதனால் மாதம் 160. செயின் செட் 1,800, 20,000 கிலோமீட்டருக்கு வரும் என்று வைத்தால் 90. இன்சூரன்ஸ் வருடம் 1,800 என்றால் 150. ஆக 800. பிரேக் ஷூ, கேபிள், பல்புக்கு இன்னொரு நூறு. இந்தப் பணம் மாதாமாதம் கேட்காது, ஒரே மாதத்தில் டயரும் இன்சூரன்ஸும் சேர்ந்து வந்து நிற்கும்போதுதான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

செயின் மட்டும் மாற்றினால் போதும்னு மெக்கானிக் சொல்றார். மிச்சம்தானே?

மிச்சமே இல்லை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட் பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் நீண்டுவிடும். பின் சக்கரத்தில் செயினைப் பின்பக்கமாக விரலால் இழுத்துப் பாருங்கள், பாதிப் பல் வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. பல்லின் நுனி கொக்கி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் அப்படியே. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து ஆயில் விட்டால் இந்தச் செலவே தள்ளிப்போகும்.

எட்டு வருஷ வண்டி. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் மாதம் நூறு ரூபாய் மிச்சம். ஃபுல் இன்சூரன்ஸ் வீண்தானே?

75 சிசிக்கு மேல் 150 சிசி வரை தேர்டு பார்ட்டி 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆனால் வண்டி திருட்டுப் போனால் அதில் ஒரு பைசா வராது. ஐடிவி, அதாவது வண்டி போனால் ஃபுல் இன்சூரன்ஸில் கிடைக்கும் தொகை, எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

(அதே நபர்) ஐடிவியே 18,000தான் சார். அதுக்காக வருஷா வருஷம் கட்டணுமா?

அந்தத் தொகைக்கு, உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான ஓடி பிரீமியம் சில நூறுதான் வரும். ராத்திரி வண்டி தெருவில் நிற்கிறதா, கேட்டுக்குள்ளா?

(இன்னொருவர்) என் வண்டி தெருவில்தான் நின்றது, போயிடுச்சு. தேர்டு பார்ட்டிதான் இருந்தது. இப்போ க்ளெய்ம் பண்ண வழி இருக்கா?

இல்லை. எஃப்ஐஆர் மட்டும் போட்டு வையுங்கள், அந்த வண்டியை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் உங்களுக்கு அது தேவைப்படும்.

(முதல் நபர்) நான் கேட்டுக்குள்ள நிறுத்தறேன்.

அப்போது உங்கள் கணக்கில் நியாயம் இருக்கிறது. விழுந்தால் ரிப்பேர் முழுக்க உங்கள் கைக்காசு, அதை ஏற்றுக்கொண்டால் சரி. மற்றவர்கள் ஒன்று கவனியுங்கள்: பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் தள்ளுபடி போய்விடும்.

செயின் சத்தம் வருது, செயின் மட்டும் மாத்தலாமா?

மேலே இருக்கிறது, படியுங்கள். மூன்றும் சேர்த்துத்தான்.

மைலேஜ் 50லிருந்து 42 ஆயிடுச்சு. என்ன மாத்தணும்?

எதையும் வாங்குவதற்கு முன்னால் டயரில் காற்றைப் பாருங்கள். மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், தடவித் தடவி நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஏர் ஃபில்டர். இதே நிலையில் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் நாலு லிட்டர் கூடுதலாகப் போகும்.