சக்குலன்ட் செடிக்கு மண் கலவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐயா, கோகோபீட், மணல், பெர்லைட் மூன்றையும் சம பங்கு கலந்துதான் எச்செவேரியா வைத்தேன். ஐப்பசி மழையில் நாலு செடி அழுகிப் போயின. மணல் மட்டும் வீட்டில் பூச்சு வேலைக்கு வாங்கி மிஞ்சியது. விகிதத்தை மாற்ற வேண்டுமா? (தாம்பரம்)

முதல் குறை விகிதத்தில் இல்லை, மணலில்தான். பூச்சு மணலை இந்தக் கலவையில் சேர்க்கவே கூடாது. தொட்டியில் தண்ணீர் கீழே இறங்குவதும் வேருக்குக் காற்று கிடைப்பதும் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியால்தான். பெர்லைட்டும் கோகோபீட்டும் சேர்ந்து அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன. பூச்சு மணல் பொடியாக இருப்பதால் நேராக அதற்குள் போய் அடைந்துகொள்கிறது. அதற்குப் பிறகு பெர்லைட்டை எவ்வளவு கொட்டினாலும் ஈரமான பொடிக்குள் வெள்ளை உருண்டைகள் புதைந்து கிடக்குமே தவிர, நீர் வடியாது. பொடி மணலைச் சேர்ப்பதைவிட மணலே சேர்க்காமல் இருப்பது நல்லது.

கட்டுமானத்துக்கு வரும் ஆற்று மணலோ எம்-சாண்டோ எதுவானாலும் சலித்துத்தான் எடுக்க வேண்டும். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைத் துண்டு ஒன்று போதும். வலை வழியாகக் கீழே விழுவதைத் தள்ளிவிடுங்கள், மேலே நிற்பதுதான் நமக்கு வேண்டியது. அதில் மிளகைவிடப் பெரிய கற்கள் இருந்தால் பொறுக்கிவிடலாம். பாதிக்கும் மேல் கீழே போய்விடும், அது இயல்புதான். அதனால் தேவையைப்போல மூன்று மடங்கு மணலோடு தொடங்குங்கள். சலித்ததை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்கி, கலங்கல் நீரைச் சாய்த்து ஊற்றுங்கள். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எம்-சாண்டில் கல்மாவு அதிகம் என்பதால் கூடுதலாகவே அலச வேண்டியிருக்கும்.

கடற்கரை மணல் ஆகுமா? (நாகப்பட்டினம்)

ஆகாது. உப்பைக் கழுவி எடுத்தாலும் அது பொடி மணல்தான்.

கோகோபீட்டை ஊறவைத்து அப்படியே கலந்துவிடலாமா, கழுவ வேண்டுமா? (திண்டுக்கல்)

கழுவியே தீர வேண்டும். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இருக்கின்றன. மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் கூடும். கழுவியது என்று அச்சிட்ட கட்டிகள் கிடைக்கின்றன, ஆனாலும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

650 கிராம் கட்டி ஒன்றை அகன்ற வாளியில் வைத்து நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊறி உதிர்ந்ததும் சுமார் எட்டு லிட்டர் அளவுக்குப் பொங்கி நிற்கும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழியுங்கள். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் இந்த வேலைக்கு அருமையாக உதவும். நீங்கள் ஊற்றிய தண்ணீருக்கு மீட்டர் காட்டும் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு, பிழிந்த நீருக்குக் காட்டும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை கழுவுங்கள். பெரும்பாலும் மூன்று அலசலில் வந்துவிடும்.

நாலு அங்குலத் தொட்டி ஆறு வைத்திருக்கிறேன். எதை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கணக்காகச் சொல்லுங்கள். மழை நேரடியாகப் படாது, ஆனால் சாரல் வரும். (சென்னை, வேளச்சேரி)

நாலு அங்குலத் தொட்டி சுமார் அரை லிட்டர் கொள்ளும். ஆறுக்கு மூன்று லிட்டர் கலவை வேண்டும். ஆனால் மூன்று லிட்டர் பொருள் எடுத்தால் போதாது, ஏனென்றால் கலக்கும்போது மணல் மற்ற இரண்டின் இடுக்கில் இறங்கிக் கன அளவு குறைந்துவிடும். நாலு லிட்டராக எடுங்கள்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் கோகோபீட்டைக் குறைக்கச் சொல்வேன். கோகோபீட் ஒரு லிட்டர், சலித்த மணல் ஒன்றரை லிட்டர், பெர்லைட் ஒன்றரை லிட்டர். மதுரை, திருச்சி போல வறண்ட ஊர் என்றால் மூன்றும் சம பங்கே சரி. எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளக்க வேண்டும். எடை போட்டு அளந்தால் கணக்கு தலைகீழாகிவிடும், ஏனென்றால் ஒரு லிட்டர் மணல் ஒன்றரை கிலோ வரும், ஒரு லிட்டர் பெர்லைட் நூறு கிராம் அளவுக்குத்தான் வரும். கோகோபீட்டைப் பிழிந்து உதிர்த்த பிறகு, அமுக்காமல் அளக்க வேண்டும்.

பெர்லைட் பையைத் திறக்கும்முன் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அது எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் சூட்டில் பொரித்து எடுத்தது, அதன் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. பைக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் தூசி அடங்கிவிடும். அந்த ஈரத்தோடு கோகோபீட்டில் புரட்டி, கடைசியில் மணலைச் சேருங்கள்.

செடி வைக்கும்முன் ஒரு தொட்டியைச் சோதித்துப் பாருங்கள். கலவையைக் காயவைத்துத் தொட்டியில் நிரப்பி, சமையலறைத் தராசில் எடை பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்கி நிற்காமல் உடனே உள்ளே இறங்கி, அடியில் ஒழுக வேண்டும். ஒழுகி நின்றதும் மறுபடி எடை பாருங்கள். கூடியிருக்கும் எடைதான் கலவை பிடித்துவைத்த தண்ணீர். செடி இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, நாலாம் நாள் எடை பார்க்கும்போது அதில் பாதியாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் மணலும் பெர்லைட்டும் இன்னும் அரை அரை லிட்டர் சேர்த்து மறுபடி பாருங்கள்.

தொட்டியின் அடியில் ஜல்லியும் கரியும் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியுமாமே? (கோயம்புத்தூர்)

வடியாது. இது பரவலாகச் சொல்லப்படும் யோசனை, ஆனால் செடிக்குக் கெடுதல்தான். பொடியான அடுக்கிலிருந்து நீர் ஜல்லி அடுக்குக்குள் சுலபமாக இறங்குவதில்லை. மேலே உள்ள கலவை முழுதும் ஊறி இனித் தாங்காது என்ற நிலை வந்த பிறகுதான் சொட்டும். ஒழுகி முடித்த பிறகும் கலவையின் அடிப்பகுதியில் ஈரம் தங்கியே நிற்கும். ஜல்லி போடாவிட்டால் அந்த ஈரம் தொட்டியின் அடியில் நிற்கும், போட்டால் ஜல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடும்.

நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கவைத்துப் பிடியுங்கள், சொட்டி முடித்ததும் நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும். உயரம் கூடினால் வடிகால் கூடும். ஆழமில்லாத அலங்காரக் கிண்ணங்களில் சக்குலன்ட் எளிதில் அழுகுவதற்கும் இதுவே காரணம். அப்படிப்பட்ட கிண்ணத்துக்குக் கோகோபீட்டை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள். துளையில் வலைத் துண்டு ஒன்று வைத்தால் போதும்.

எங்கள் ஊரில் பெர்லைட் கிடைக்கவில்லை. தெர்மாகோலை உதிர்த்துப் போடலாமா? (அறந்தாங்கி)

வேண்டாம். அது தண்ணீர் ஊற்ற ஊற்ற மிதந்து மேலே வந்துவிடும். பழைய சூளைச் செங்கல்லை உடைத்து, மிளகு முதல் கொண்டைக்கடலை வரையுள்ள துண்டுகளை மட்டும் சலித்து, தூள் போகக் கழுவி, பெர்லைட்டுக்குப் பதிலாக அதே அளவு போடுங்கள். தொட்டி கனக்கும், மற்றபடி குறையில்லை.

இந்தக் கலவையில் சத்தே இல்லையே, மண்புழு உரம் பாதிக்குப் பாதி சேர்க்கலாமா? (சேலம்)

பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். அதுவும் பொடிதான், மணலைச் சலித்து அடைந்த பலனை அடைத்துவிடும். செடி வளரும் மாதங்களில் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும். விடாத மழையிலும் சித்திரை வெயிலிலும் உரம் வேண்டாம்.

நர்சரியில் வாங்கிய செடியை வேர்க்கட்டியோடு அப்படியே புதுக் கலவையில் வைக்கலாமா? (ஓசூர்)

பழைய கட்டியை உதிர்த்துவிட்டு வையுங்கள். நர்சரியில் பெரும்பாலும் கோகோபீட் மிகுந்த கலவையில்தான் வளர்க்கிறார்கள். சுற்றிலும் நல்ல கலவை இருந்தாலும் நடுவில் அந்தக் கட்டி மட்டும் ஈரத்தை விடாமல் பிடித்திருக்கும். கட்டியை உதிர்க்கும்போது வேர் கொஞ்சம் அறுந்தாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். அந்த வாரத்தில் இலை சுருங்கினால் அது தாகம்தான், பயப்பட வேண்டாம். அடி இலை கண்ணாடி போலத் தெளிந்து, தொட்டால் உதிர்ந்து, தண்டில் கருப்பு தெரிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. உடனே பிடுங்கி, கருப்புக்கு மேலே சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய இடம் முழுக்க வெளிர்நிறமாகத் தெரியும்வரை வெட்டி, காயவைத்து மறுபடி நடலாம்.