ஒரே லாரியில் பல சரக்கு: எதை எவ்வளவு ஏற்றுவது?

ஒரே சப்ளையரிடம் மூன்று சரக்கு வாங்குகிறோம். 10 டன் லாரி நிரம்பினால்தான் வாடகை கட்டுப்படியாகும். எதில் எவ்வளவு ஆர்டர் போடுவது?

மூன்றும் ஒரே நாளில் தீரும்படி பிரியுங்கள். இல்லாவிட்டால் ஒன்று முதலில் தீர்ந்து, அதற்காகவே அரை லாரி வரவழைக்க நேரும்.

தினசரி செலவு 200, 100, 50 கிலோ. இருப்பு முறையே 1,000, 1,200, 1,800 கிலோ என்று வையுங்கள். மொத்த இருப்பு 4,000. லாரியின் 10,000 சேர்ந்தால் 14,000. அதை மொத்த தினசரி செலவான 350ஆல் வகுத்தால் 40 நாள். 40 நாள் தேவையிலிருந்து இருப்பைக் கழித்தால் 7,000, 2,800, 200 கிலோ. லாரி சரியாக நிரம்பிவிட்டது. வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கையும் இருப்பில் சேர்க்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

ஏதாவது ஒன்றுக்குக் கழித்தல் குறி வந்தால் அதன் இருப்பே அதிகம். அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மறுபடி கணக்கிடுங்கள். 40 நாளுக்குள் கெட்டுவிடும் சரக்கென்றால் கெடாமல் தாங்கும் நாட்களுக்கான அளவோடு நிறுத்தி, மிச்ச இடத்தை மற்றவற்றுக்குக் கொடுங்கள். எடை குறைந்து இடம் அடைக்கும் சரக்கானால் கிலோவுக்குப் பதில் கன அளவில் கணக்கிடுங்கள்.

ஆர்டர் போடும் நாளை லாரி தீர்மானிக்கக் கூடாது. சரக்கு வர 4 நாள் ஆகும், ஒரு நாள் கையிருப்பு வேண்டும் என்றால், முதல் சரக்கு 1,000 கிலோவைத் தொட்ட அன்றே ஆர்டர் போக வேண்டும். மற்ற இரண்டும் அந்த லாரியை நிரப்பத்தான்.