வறண்டுபோன வாட்ஸ்அப் உரையாடல்: அக்காவிடம் கேளுங்கள்

பாமினி, வெள்ளவத்தை: அக்கா, மெல்பேர்ணுக்குப் போன என் பள்ளித் தோழியுடனான அரட்டை இப்போது "சாப்பிட்டாயா?", "ஓம், நீ?" என்பதோடு நின்றுவிடுகிறது. கடைசியாக நன்றாகக் கதைத்தது, அவள் கருவாடு பொரித்ததற்குப் பக்கத்து அறைக்காரி முறைப்பாடு செய்தபோதுதான்.

விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. உரையாடலை மேலே தள்ளிக்கொண்டு போய், இருவரும் கடைசியாக நாலு வரிக்குக் குறையாமல் எழுதிய இடத்தைத் தேட வேண்டும். அங்கே முடிவு தெரியாமல் விடப்பட்ட கதையொன்று அநேகமாக இருக்கும். உங்களுக்கு அது அந்த அறைக்காரி. ஆகவே இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்றைக்குச் சந்தையில் கருவாட்டுக் கடையைக் கடந்தபோது உன் பக்கத்து அறைக்காரியை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். இப்போதும் சன்னலைத் திறந்துவைத்துத்தான் பொரிக்கிறாயா?"

இதில் உங்கள் பக்கத்துச் சேதி ஒன்றும், அவளுடைய கதை ஒன்றும், யோசிக்காமல் விடை சொல்லக்கூடிய சிறு கேள்வி ஒன்றும் இருக்கின்றன. "சாப்பிட்டாயா?" என்பதில் கேள்வி மட்டுமே இருப்பதால், "ஓம்" என்றதும் அவளுடைய கடமை முடிந்துவிடுகிறது.

நேரத்தையும் பாருங்கள். இங்கே இரவு ஒன்பது மணியாகும்போது மெல்பேர்ணில் அதிகாலை 1.30, அங்கே கோடைக்கால நேரம் நடைமுறையில் இருந்தால் 2.30. காலையில் வேலைக்கு ஓடும்போது அதைப் பார்ப்பவள் ஒற்றைச் சொல்லில்தான் பதிலளிப்பாள். இங்கே பிற்பகல் மூன்று மணியளவில் அனுப்புங்கள்.

அவள் "ஹாஹா, ஓம்" என்று மட்டும் எழுதினால் உடனே அடுத்த கேள்வியை வீச வேண்டாம். உங்கள் வீட்டுச் சமையலறைக் கதையொன்றைச் சொல்லிவிட்டு விடுங்கள். நீங்கள் கேளாத ஒன்றை அவளாகச் சேர்த்து எழுதத் தொடங்கினால் பேச்சு திரும்பிவிட்டது என்று பொருள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "ஏன் முன்போலக் கதைப்பதில்லை?" என்று கேட்காதீர்கள்.

ரமணன், கொட்டாஞ்சேனை: கேள்வி கேட்டால்தானே மற்றவர் கதைப்பார்? நான் இணையத்தில் பட்டியல் எடுத்து நாளுக்கு ஐந்து கேள்வி அனுப்புகிறேன்.

பாதி சரி, தம்பி. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகக் கேள்வி கேட்பவர்களை எதிரிலிருப்பவர்களுக்குப் பிடித்துப்போவது தெரியவந்தது. ஆனால் அந்தப் பலனைப் பெரிதும் தந்தவை, மற்றவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடரும் கேள்விகள். "பிடித்த நிறம் எது?" என்பதற்கு "பச்சை" என்று வந்ததும் "பிடித்த நாடு எது?" என்று தாவுவது அந்த வகையில் சேராது.

சுபாங்கி, பம்பலப்பிட்டி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொடர் கேள்வியும் எனக்கு நேர்முகப் பரீட்சை போலத்தான் இருக்கிறது. என் கணவர் ஒன்றும் கேட்காமல், பேருந்தில் கண்டதை எழுதி அனுப்புவார். நான்தான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவேன்.

ரமணன்: அது கணவர் என்பதால். புதிதாகப் பழகுபவரிடம் ஒன்றும் கேட்காமலிருந்தால் அக்கறையில்லை என்றல்லவா நினைப்பார்?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நெருங்கியவர்களிடம் சேதியே போதும். புதியவரிடம் கேள்வி இல்லாமல் முடியாது. ஆனால் புதியவர் எப்போது நெருங்கியவர் ஆகிறார் என்பதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை. என் வழக்கம், ஒரு கேள்வி கேட்டால் அடுத்த செய்தியில் என் சேதியைச் சொல்வது. சுபாங்கிக்கு அதுவும் கூடுதலாகப் படலாம்.

பெயர் வேண்டாம்: இரண்டு நாளாக ஒரே ஒரு சாம்பல் நிறச் சரிக்குறி. என்ன எழுதினால் பதில் வரும்?

செய்தி இன்னும் அவருடைய கைப்பேசியைச் சென்றடையவில்லை. கைப்பேசி அணைந்திருக்கலாம், டேட்டா இல்லாதிருக்கலாம், உங்களைத் தடுத்தும் இருக்கலாம். எழுத்து நடையால் இதைத் தீர்க்க முடியாது.

நிரோஷன், தெகிவளை: "என்ன செய்கிறாய்?" என்றால் "சும்மா" என்கிறான். என்ன செய்வது?

பாமினிக்கு எழுதியதை வாசியுங்கள்.

தர்சினி, கிருலப்பனை: நீல நிறச் சரிக்குறி விழுந்து மூன்று நாள். "கோபமா?" என்று கேட்கட்டுமா?

வேண்டாம். மேலே ஒருமுறை சொன்னதைத்தான் மறுபடியும் சொல்கிறேன். அந்தக் கேள்வி வந்ததும், பதில் போடாததற்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். விளக்கம் எழுதுவது அலுப்பான வேலை என்பதால் இன்னும் தள்ளிப்போடுவார். ஒரு வாரம் கழித்து, பழையதைத் தொடாமல், ஆடிவேல் தேரின் படத்தையோ காலிமுகத்திடலில் வாங்கிய இறால் வடையின் படத்தையோ ஒரு வரியோடு அனுப்புங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் சில வாரங்கள் விட்டு இன்னொரு முறை முயலலாம். அதன் பிறகும் அமைதியென்றால் நிறுத்திவிடுங்கள்.

கஜன், வத்தளை: தட்டச்சை விட்டுவிட்டு நேரே அழைத்துவிட்டால் என்ன?

அழைக்கலாம். ஆனால் "இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் கதைக்கலாமா?" என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், மாதக்கணக்கில் கதைக்காதவரிடமிருந்து திடீரென்று அழைப்பு வந்தால், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நம்மவர்கள் பதறுவார்கள்.