டாம்பன் வைத்திருக்கும்போது காய்ச்சல்: காலைவரை காத்திருக்கலாமா?

"மாதவிடாயின் மூன்றாம் நாள். நேற்றிரவு வைத்த டாம்பனை இன்னும் எடுக்கவில்லை. சாயங்காலம் திடீரென 103 டிகிரி காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. வயிறு, தொடையெல்லாம் சிவந்திருக்கிறது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் டாக்டரிடம் போகலாமா?"

வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். இது டாக்ஸிக் ஷாக் ஆக இருக்கலாம். அபூர்வமானதுதான், ஆனால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

முதலில் கையைக் கழுவிவிட்டு டாம்பனை நூலைப் பிடித்து மெதுவாக வெளியே எடுங்கள். நூல் அகப்படாவிட்டால் துழாவிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவமனையில் எடுத்துவிடுவார்கள். புதிதாக இன்னொன்றை வைக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, கால்களைச் சற்று உயர்த்திப் படுத்திருங்கள். வண்டியை நீங்களே ஓட்டிப் போக வேண்டாம், வழியில் மயங்கிவிடலாம்.

இதற்குக் காரணம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருப்பது. ரத்தம் ஊறி, நெடுநேரம் உள்ளேயே இருக்கும் டாம்பன் அதற்கு வளர இடமும் காற்றும் தருகிறது. அதில் சில வகைகள் சுரக்கும் நச்சு ரத்தத்தில் கலந்ததும், உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிக் கிளம்புகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றிலிருந்து நீர் கசிகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. உங்கள் தலைசுற்றல் அந்தச் சரிவாக இருக்கலாம். பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும், அழுத்தத்தை ஏற்றாது. அதனால்தான் "காய்ச்சல் விட்டுவிட்டதே" என்று ஏமாந்துவிடுகிறோம்.

தோல் வெயிலில் காய்ந்ததுபோலச் சிவந்திருக்கும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. உள்ளங்கை, பாதம், கண், நாக்கு ஆகியவற்றைப் பாருங்கள். தடிப்பு தெரியவில்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது.

நம் ஊரில் இதை டெங்கு என்று எண்ணிவிட வாய்ப்பு அதிகம். டெங்குவில் அழுத்தம் சரிவது பெரும்பாலும் சில நாள் கழித்து, காய்ச்சல் இறங்கும் நேரத்தில். இங்கேயோ காய்ச்சல் கொதிக்கும்போதே, ஓரிரு நாளுக்குள் சரிகிறது. ஆகவே, அவசர சிகிச்சைப் பிரிவில் கூச்சப்படாமல் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "மாதவிடாய் நேரம், டாம்பன் வைத்திருந்தேன், இத்தனை மணி நேரம் உள்ளே இருந்தது." டாக்டர்கள் தாங்களாகக் கேட்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

அங்கே அழுத்தத்தை நிமிர்த்த நரம்பு வழியே நிறைய சலைன் ஏற்றுவார்கள். கிருமியைக் கொல்லும் மருந்தோடு, பெரும்பாலும் கிளிண்டமைசினும் சேர்ப்பார்கள். பாக்டீரியா புதிதாக நச்சு சுரப்பதை அது தடுக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் கலந்த நச்சை இந்த மருந்துகள் அகற்றாது. வீட்டில் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கிச் சமாளிக்க முடியாததற்குக் காரணம் அதுதான். சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கவும் நேரலாம்.

ஓரிரு வாரம் கழித்து உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரியும், பயப்பட வேண்டாம். ஒருமுறை வந்தவர்களுக்கு இது மறுபடியும் வரக்கூடும். எனவே டாக்ஸிக் ஷாக் என்று உறுதியானால் இனி டாம்பன், மென்ஸ்ட்ருவல் கப் இரண்டும் வேண்டாம், நாப்கின் போதும்.