ஒன்பது வரிகள் ஏன் மூன்றாகத் தெரிகின்றன?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆய்வகத்தில் காட்மியம் விளக்கை மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே வைத்து சீமன் விளைவைப் பார்த்தோம். சிவப்பு வரி மூன்றாகப் பிரிந்தது. ஆனால் பாடத்தின்படி l = 2 மட்டம் ஐந்தாகவும் l = 1 மட்டம் மூன்றாகவும் பிரிகிறது. அப்படியென்றால் ஒன்பது வரிகள் வரவேண்டாமா? இதே மூன்று வரிகளை லாரன்ஸ் குவாண்டம் இல்லாமலே விளக்கிவிட்டார் என்றும் படித்தேன். பிறகு இந்தச் சோதனை கோண உந்தத்தைப் பற்றி என்னதான் காட்டுகிறது?

க., இயற்பியல் முதுகலை மாணவி

அன்புள்ள க.,

உங்கள் கணக்கு சரிதான். 643.8 நானோமீட்டர் சிவப்பு வரியில் மேல்மட்டத்துக்குக் காந்தக் குவாண்டம் எண் m இன் மதிப்புகள் ஐந்து, கீழ்மட்டத்துக்கு மூன்று. ஒளியை உமிழும்போது m ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், மாறாமலும் இருக்கலாம். இப்படி எண்ணினால் ஒன்பது தாவல்கள் கிடைக்கும். அந்த ஒன்பதும் உங்கள் விளக்குக்குள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மும்மூன்றாகச் சேர்ந்து ஒரே அதிர்வெண்ணில் விழுவதால் கண்ணுக்கு மூன்று வரிகளாகத் தெரிகின்றன.

ஏன் ஒரே அதிர்வெண்ணில் விழவேண்டும்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. r ஆரமுள்ள வட்டத்தில் v வேகத்தில் ஓடும் எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்டாக்கும் மின்னோட்டம் ev/2πr. அதைப் பரப்பு πr² ஆல் பெருக்கினால் காந்தத் திருப்புத்திறன் evr/2. கோண உந்தமோ mvr (இந்த m எலக்ட்ரானின் நிறை). ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் e/2m மட்டும் மிஞ்சுகிறது. ஆரமும் வேகமும் காணாமல் போய்விடுகின்றன. பாதை பெரிதோ சிறிதோ, வட்டமோ நீள்வட்டமோ, விகிதம் மாறாது. அதனால் l = 2 மட்டத்தின் ஐந்து படிகளுக்கு இடையே என்ன இடைவெளியோ, l = 1 மட்டத்தின் மூன்று படிகளுக்கு இடையேயும் அதே இடைவெளிதான். m = 2 இலிருந்து 1க்கு வந்தாலும், 1 இலிருந்து 0க்கு வந்தாலும், 0 இலிருந்து −1க்கு வந்தாலும் ஆற்றல் வேறுபாடு ஒன்றே.

ஆகவே ஒன்பது மூன்றாகச் சுருங்கியதைக் குறையாக நினைக்காதீர்கள். இரண்டு மட்டங்களிலும் சுற்றுப்பாதைக் கோண உந்தம் மட்டுமே வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. காட்மியத்தின் வெளி எலக்ட்ரான்கள் இரண்டின் தற்சுழற்சியும் இந்த மட்டங்களில் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.

இனி லாரன்ஸ். 1896இல் லெய்டனில் சீமன் பார்த்தது சோடியத்தின் மஞ்சள் வரிகளை. அப்போது அவை பிரியவில்லை, காந்தத்தை இயக்கியதும் சற்று அகன்றன, அவ்வளவுதான். அணுவுக்குள் அதிரும் மின்னூட்டத்தின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசையை வைத்து, ஒளி எப்படி முனைவாக்கம் அடையவேண்டும் என்று லாரன்ஸ் முன்கூட்டியே சொன்னார். அகன்ற வரியின் ஓரங்களில் அது அப்படியே இருந்தது. அகலத்திலிருந்து கிடைத்த e/m மதிப்பு ஹைட்ரஜன் அயனிக்கு உள்ளதைப் போல ஆயிரம் மடங்கு அளவில் இருந்தது.

குவாண்டம் இல்லாமல் அவருக்கு எப்படிச் சரியான விடை வந்தது? ஒரு படியின் ஆற்றல் eħB/2m. அதிர்வெண் வேண்டுமென்றால் இதை h ஆல் வகுக்கவேண்டும். வகுத்ததும் Δν = eB/4πm என்று ஆகி, h மறைந்துவிடுகிறது. ஒரு டெஸ்லாவுக்கு 14 கிகாஹெர்ட்ஸ், சிவப்பு வரியின் அலைநீளத்தில் சுமார் 0.019 நானோமீட்டர். இந்த எண்ணுக்குள் இருப்பது e/2m என்ற விகிதம்தான், அது பழைய இயற்பியலிலும் உண்டு. கோண உந்தம் தனித்தனிப் படிகளாக வருகிறது என்பதை உங்கள் சிவப்பு வரி மட்டும் நிரூபிக்காது. பல பாடப்புத்தகங்கள் நிரூபிப்பதுபோல எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

அதற்கு அதே விளக்கில் வேறு இரண்டு வரிகளைப் பார்க்கவேண்டும். 467.8 நானோமீட்டர் நீல வரியும் மூன்றாகத்தான் பிரியும். எண்ணிப் பார்ப்பவருக்குச் சிவப்புக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. இடைவெளியை அளந்தால் தெரியும்: டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ், சரியாக இரண்டு மடங்கு. அதன் கீழ்மட்டத்தின் மொத்தக் கோண உந்தம் சுழி, அது பிரியவே பிரியாது. மேல்மட்டத்தில் l = 0. சுற்றுப்பாதைக் கோண உந்தமே இல்லாமல் மூன்று படிகள்! அங்கே இருப்பது ஒரே திசையில் நிற்கும் இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி. தற்சுழற்சிக்கு அந்த விகிதம் e/2m இல்லை, ஏறக்குறைய e/m. லாரன்ஸின் அதிரும் மின்னூட்டத்தால் இந்த இரண்டு மடங்கைத் தரமுடியாது.

அப்புறம் 508.6 நானோமீட்டர் பச்சை வரி. இதன் மேல்மட்டம் அந்த நீல வரியுடையதேதான், மூன்று படிகள். கீழ்மட்டத்தில் சுற்றுப்பாதையும் தற்சுழற்சியும் கூடி ஐந்து படிகள். சிவப்பைப் போலவே ஐந்தும் மூன்றும், ஒன்பது தாவல்கள். ஆனால் இங்கே கலவை வேறு வேறு என்பதால், சிவப்பு வரியின் ஒரு படியை ஒரு அலகாகக் கொண்டால், மேலே ஒரு படியின் உயரம் 2 அலகு, கீழே 1.5 அலகு. ஒன்றின் மேல் ஒன்று விழ வழியில்லை. ஒன்பது வரிகளும் அரை அலகு இடைவெளியில் தனித்தனியாக நிற்கும். நீங்கள் தேடிய ஒன்பது இங்கே இருக்கிறது. சிவப்பில் இடைவெளிகள் சமமாக இருந்ததால் மறைந்த படிகள் இதில் வெளிப்படையாகிவிடுகின்றன.

சிவப்பு வரியில் இன்னொன்றும் பார்க்கலாம். காந்தத்தின் முனையில் துளை இருந்தால் புலத்தின் திசையிலேயே பாருங்கள். நடு வரி மறைந்துவிடும். மிஞ்சும் இரண்டும் எதிரெதிராகச் சுழலும் வட்ட முனைவாக்கம் கொண்டவை. m ஒன்று கூடியபோதும் குறைந்தபோதும் அந்த ஒரு ħ எங்கே போனது என்ற கேள்விக்கு இதுதான் விடை. ஃபோட்டான் அதை எடுத்துக்கொண்டு போகிறது.

நீல வரியை அளக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பக்கத்தில் 480.0 நானோமீட்டரில் இன்னொரு நீல வரி இருக்கிறது, அது ஆறாகப் பிரியும். குறுகிய பட்டை வடிகட்டி இல்லாவிட்டால் இரண்டும் கலந்து எதுவும் புரியாது. அடுத்தது ஃபேப்ரி-பெரோ எட்டலான். மூன்று மில்லிமீட்டர் குவார்ட்ஸ் எட்டலானில் ஒரு வரிசை வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சுமார் 34 கிகாஹெர்ட்ஸ். நீல வரியின் இரண்டு ஓர வளையங்களுக்கும் நடுவே 0.6 டெஸ்லாவில் ஏறக்குறைய அதே தூரம் வந்துவிடும். அப்போது ஒரு வரிசையின் வெளி வளையம் அடுத்த வரிசையின் உள் வளையத்தின் மேலேயே உட்கார்ந்து, மூன்றுக்குப் பதில் இரண்டு தெரியும். 0.4 டெஸ்லாவிலேயே எல்லா வளையங்களும் சம இடைவெளியில் நிற்கும், எது எந்த வரிசை என்று சொல்லமுடியாது. புலத்தைச் சுழியிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே கண்ணால் தொடருங்கள், 0.3 டெஸ்லாவில் நிறுத்தி அளவெடுங்கள். அங்கே 8.4 கிகாஹெர்ட்ஸ் வரவேண்டும். அதே புலத்தில் வடிகட்டியை மட்டும் மாற்றிச் சிவப்பை அளந்தால் 4.2. இரண்டின் விகிதத்தை எடுக்கும்போது புலத்தை அளந்ததில் உள்ள பிழையும் நீங்கிவிடும்.