பரமசிவத்தை எங்கே வைப்பது?

வணக்கம். திக்கிப் பேசும் என் அண்ணன் ஒரு பாராட்டு விழாவில் 6 நிமிடம் பேசவேண்டும். உரையை நான்தான் எழுதுகிறேன். ப, க வரிசையில் தொடங்கும் சொற்களையெல்லாம் எடுத்துவிட்டேன். பாராட்டு பெறுபவர் பெயர் பரமசிவம். அதையும் 'விழா நாயகர்' ஆக்கிவிட்டேன். 6 நிமிடத்துக்கு எத்தனை சொல் எழுதலாம்?
செல்வி

அன்புள்ள செல்வி,

அண்ணனிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்த வரியையே காணோம். எந்த எழுத்தில் திக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு 'அ'வே தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உரையை இரண்டு மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை, நின்றுகொண்டு அவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாசித்தால் திக்கல் தானாகக் குறையும். அதை நம்பி ஏமாறாதீர்கள். எல்லா நாளும் தடுக்கிய இடங்களை மட்டும் குறியுங்கள். திக்காமலே 'வந்து', 'அதாவது' என்று அவர் நுழைக்கும் இடங்களையும் சேர்த்துக் குறியுங்கள். அங்கே ஒரு சொல்லுக்குப் பயந்து ஒதுங்குகிறார்.

பெயரை மாற்றியதுதான் எனக்குக் கோபம். பாராட்டு விழாவில் அந்தப் பெயரைச் சொல்லாமல் எதைச் சொல்வது? ஒளித்துவைத்த சொல் அடுத்த முறை இன்னும் பெரிதாகப் பயமுறுத்தும். சொல்லை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். திக்கல் அதிகம் வருவது வாக்கியத்தின் தொடக்கத்தில், மூச்செடுத்த பின் வரும் முதல் சொல்லில். நீண்ட வாக்கியம் என்றால் இன்னும் மோசம். நம் மொழியிலோ சொற்களை முன்பின்னாக நகர்த்த எவ்வளவோ இடமிருக்கிறது.

சொற்களை எடுப்பதற்கு முன் நீங்கள் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள்: "பரமசிவம் ஐயா பத்தாண்டுகள் பாடுபட்டுக் கட்டியெழுப்பியதுதான் இந்த நூலகம்." இதைப் பிரித்துப் பாருங்கள்:

இந்த நூலகம்
நம் பரமசிவம் ஐயா எழுப்பியது.
அதற்கு அவர் உழைத்தது
பத்து வருடம்.

'நம் பரமசிவம்' என்று நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். 'ம்'முக்கு மூடிய உதடுதான் 'ப'வுக்கும். மூடியிருக்கும்போதே குரல் மூக்கு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. உதட்டைத் திறந்தால் போதும். 'நம்'முக்குப் பின் நிறுத்தினால் இந்த உதவி போய்விடும். 'இந்தப் பரமசிவம்' என்று எழுதினால் நேர்மாறு. ஒற்று மிகுந்து, உதடு இறுக மூடி, குரலும் நின்றுவிடும். அடைப்பு விழுவதற்குத் தோதான இடம் அது.

கடைசி வரி 'ப'வில் தொடங்குகிறதே என்பீர்கள். வேண்டுமென்றே விட்டேன். அதில் அவர் தடுக்கினால் "அதற்கு அவர் பத்து வருடம் உழைத்தார்" என்று மேல்வரியோடு சேர்த்துவிடுங்கள். அச்சிடும்போதும் கவனம்: ஒரு மூச்சுக்கு ஒரு வரி, பெரிய எழுத்து. குறித்த சொல் வரித் தொடக்கத்தில் விழக்கூடாது. கண் அங்கே நின்றால் வாயும் நிற்கும்.

அப்புறம் அந்தச் சொற்கணக்கு. எண்ணாதீர்கள். வீட்டில் அவர் வாசித்து 4 நிமிடத்தில் முடிகிற அளவுக்கு வெட்டுங்கள். மேடையில் அது 6 ஆகலாம். விழா அன்று காலையில் "இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிடறேன் அண்ணா" என்று பேனாவோடு போய் நிற்காதீர்கள்.