அட்ரினலின் ஆம்பூல்: எடைக்கு எத்தனை மில்லி?

கேள்வி: சின்ன கிளினிக் ஒன்றில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஊசி மருந்து போட்ட பிறகு யாருக்காவது கடும் அலர்ஜி வந்தால் அட்ரினலின் போட வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆம்பூலில் 1:1000 என்று போட்டிருக்கிறது, சார்ட்டில் மில்லிகிராம் கணக்கு இருக்கிறது, கையில் இருப்பதோ மில்லி சிரிஞ்சு. குழந்தைக்கு எவ்வளவு, பெரியவருக்கு எவ்வளவு எடுப்பது? எடை பார்ப்பதா, வயது பார்ப்பதா?

பதில்: முதலில் ஆம்பூலைத் திருப்பிப் பாருங்கள். 1:1000 என்பதற்கு 1000 மி.லி. திரவத்தில் 1 கிராம் மருந்து என்று பொருள். அதாவது 1 மி.லி.யில் 1 மி.கி. தசையில் போடுவதற்கான ஆம்பூல் இதுதான். இதில் மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒரே எண்ணாக வருவதால் 0.3 மி.கி. என்று சார்ட் சொன்னால் சிரிஞ்சில் 0.3 மி.லி. வரைக்கும் எடுத்தால் போதும். 1:10,000 என்று எழுதிய, பெரும்பாலும் 10 மி.லி. அளவில் வரும் மருந்து பத்து மடங்கு நீர்த்தது. அது இதயம் நின்றுபோனவருக்கு நரம்பில் போட வைத்திருப்பது. இரண்டையும் ஒரே டிரேயில் வைக்காதீர்கள்.

அளவு ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. அதிகபட்சம் 0.5 மி.கி. இந்த ஆம்பூலுக்கு அதை இப்படி மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: குழந்தையின் எடையை நூறால் வகுத்தால் வருவதுதான் மி.லி. 16 கிலோவுக்கு 0.16, 24 கிலோவுக்கு 0.24, 9 கிலோவுக்கு 0.09. 50 கிலோவைத் தொட்டதும் 0.5 மி.லி.யோடு நின்றுவிட வேண்டும். 90 கிலோ எடையுள்ளவருக்கும் ஒரு வேளைக்கு அவ்வளவுதான். ஆக, எந்த வயதினருக்கும் ஒரே தடவையில் அரை ஆம்பூலுக்கு மேல் போகக் கூடாது. 1 மி.லி. சிரிஞ்சில் பாதியைத் தாண்டி மருந்து ஏறியிருந்தால் கணக்கில் தவறு இருக்கிறது என்று உடனே நிறுத்துங்கள்.

இந்தப் 'பாதி ஆம்பூல்' சோதனை எல்லாத் தவறையும் பிடிக்காது. பதற்றத்தில் வழுக்குவது பெரும்பாலும் புள்ளிக்குப் பின்னால் வரும் பூஜ்யம்தான். 9 கிலோ குழந்தைக்கு 0.09க்குப் பதில் 0.9 என்று எடுத்தால் பாதியைத் தாண்டுவதால் கண்ணில் பட்டுவிடும். ஆனால் 5 கிலோ கைக்குழந்தைக்கு 0.05க்குப் பதில் 0.5 எடுத்தால் அது பெரியவருக்கான சரியான அளவாகத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் கைக்குழந்தைக்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும்: 10 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு எடைக் கணக்குப்படி எடுக்கும் மருந்து 0.1 கோட்டைத் தாண்டக் கூடாது. பயிற்சிகளில் இந்த ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எடையா வயதா என்ற கேள்விக்கு வருகிறேன். எடை ஏற்கெனவே சீட்டில் எழுதியிருந்தால் எடைப்படி எடுங்கள். இல்லையென்றால் மூச்சுத் திணறும் குழந்தையைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வயதுப்படி எடுங்கள். பிரிட்டனின் உயிர்மீட்பு கவுன்சில் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி வயதை நான்காகப் பிரிக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் 0.5 மி.லி.; அந்த வயதில் உடல் சிறுத்த பிள்ளையாக இருந்தால் 0.3. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 0.3. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை 0.15. ஆறு மாதத்துக்குள் 0.1 முதல் 0.15. கடைசி அளவு எடைக் கணக்கைவிடக் கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 0.05 மி.லி.யைச் சரியாக அளப்பது கடினம். தசையில் போகும்போது இந்த அளவு கூடுதல் பெரிய ஆபத்தும் இல்லை. உங்கள் நிலையத்துத் தடுப்பூசித் திட்டம் தனியாக ஒரு அட்டவணை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரே அறையில் இரண்டு அட்டவணைகள் ஒட்டியிருக்கக் கூடாது.

கர்ப்பிணிக்கும், முதியவருக்கும், இதய நோய் உள்ளவருக்கும் இதே அளவுதான். உயிருக்கு ஆபத்தான அலர்ஜியில் தசையில் அட்ரினலின் போடக் கூடாதவர் என்று யாரும் இல்லை.

ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். நான்கு வயது. செஃப்ட்ரியாக்ஸோன் போட்ட ஆறாவது நிமிடத்தில் உடம்பெங்கும் தடிப்பு, விடாத இருமல், நெஞ்சில் வீசிங், ஒரு வாந்தி. தோலோடு மூச்சும் பாதிக்கப்பட்டிருப்பதால் இது அனஃபிலாக்சிஸ். ரத்த அழுத்தம் குறையட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மருந்து இன்னும் டிரிப்பில் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். சீட்டில் எடை 16 கிலோ என்று இருந்தால் அளவு 0.16 மி.லி. எடை எழுதவில்லை என்றால் வயதுப்படி 0.15. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே வயதில் மெலிந்த, 11 கிலோ குழந்தைக்கு 0.15 போட்டாலும் கேடு வராது. இந்த நேரத்தில் சிரிஞ்சின் இரண்டாவது தசமத்தைத் தேடிக்கொண்டு நிமிடங்களை இழப்பதுதான் கேடு.

எடுக்க 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சு வேண்டும், ஊசியைக் கழற்றி மாற்றக்கூடியது. மருந்தை ஒரு ஊசியால் உறிஞ்சி, 23 கேஜ், 25 மி.மீ. ஊசியை மாட்டுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. புது ஊசியின் உள்ளே காற்றுதான் இருக்கிறது. அளவை 0.15இல் வைத்துவிட்டு அதற்குப் பிறகு ஊசியை மாற்றினால், மருந்தின் ஒரு பகுதி ஊசியை நிரப்பவே போய்விடும். 0.5இல் அது பெரிதாகத் தெரியாது, 0.1இல் தெரியும். ஆகவே கொஞ்சம் கூடுதலாக எடுத்து, ஊசியை மாற்றி, காற்றைத் தள்ளி, முனையில் ஒரு சொட்டு தெரிந்த பிறகு பிஸ்டனை 0.15 கோட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

1 மி.லி. சிரிஞ்சு இல்லை, 2 மி.லி.தான் இருக்கிறது என்றால் 0.1, 0.2 கோடுகளுக்கு நடுவில் நிறுத்துங்கள், போதும். பலர் ஆம்பூலை உப்பு நீரில் பத்து மடங்காக நீர்க்கச் செய்து அளக்கிறார்கள். நெருக்கடியில் அது இன்னொரு கணக்கைச் சேர்க்கிறது, பத்து மடங்கு தவறுக்கு இன்னொரு கதவைத் திறக்கிறது. நான் அதைச் சொல்வதில்லை.

இன்சுலின் சிரிஞ்சு பற்றி எச்சரிக்கையாகச் சொல்கிறேன். 40 யூனிட் சிரிஞ்சில் 1 மி.லி. என்பது 40 கோடுகள், 100 யூனிட் சிரிஞ்சில் 100 கோடுகள். நம் குழந்தையின் 0.15 மி.லி. முதலாவதில் 6 யூனிட், இரண்டாவதில் 15 யூனிட். 15 என்று மனப்பாடம் செய்தவர் 40 யூனிட் சிரிஞ்சை எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். ஊசியும் குட்டையானது, பெரியவர் தொடையில் தசையை எட்டாமல் தோலுக்கடியிலேயே மருந்தை விட்டுவிடும். உங்கள் கிட்டில் அதுதான் இருக்கிறது என்றால் எந்த வகை என்று படித்து, யூனிட் கணக்கைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

போடும் இடம் தொடையின் நடுப்பகுதி, முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேரும் இடம். செங்குத்தாக உள்ளே இறக்குங்கள். ஆடையைக் கழற்ற நேரமில்லை என்றால் மெல்லிய துணிக்கு மேலேயே போடலாம். கையில், தோலுக்கடியில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1998இல் எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் குழந்தைகளிடம் அளந்ததைச் சொல்வேன்: தொடைத் தசையில் போட்டபோது சராசரியாக 8 நிமிடத்தில் ரத்தத்தில் மருந்து உச்சத்தைத் தொட்டது, தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம் ஆனது. நரம்பில் இந்த ஆம்பூலைப் போடவே போடாதீர்கள். தசையில் காப்பாற்றும் அதே 0.5 மி.லி. நரம்பில் மொத்தமாகப் போனால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். கையில் டிரிப் ஏற்றியிருக்கும் நோயாளியிடம்தான் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். அந்த போர்ட் கண்ணெதிரே இருக்கும். மருந்தை எடுக்கும்போதே 'தொடையில் போடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காலை நீட்டி உட்காரட்டும். கர்ப்பிணி இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கட்டும். தேறியது போலத் தெரிந்தாலும் எழுந்து நிற்கவோ கழிவறைக்கு நடக்கவோ விடாதீர்கள். திடீரென்று எழுந்து நின்ற நொடியில் இதயம் நின்றுபோவது இந்த நோயில் நடந்திருக்கிறது.

ஊசி போட்ட நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், முகம் வெளுத்தல், படபடப்பு வரும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். 5 நிமிடத்தில் மூச்சிரைப்பு குறையவில்லை அல்லது நாடி இன்னும் பலவீனமாகவே இருக்கிறது என்றால் அதே அளவை மறுபடி போடுங்கள், அடுத்த தொடையில் போடலாம். முதல் ஊசி போனதுமே இரண்டாவதைப் புதுச் சிரிஞ்சில் எடுத்து லேபிள் ஒட்டி வைத்துவிட்டால் அந்த நேரத்தில் தேட வேண்டியதில்லை. குளோர்பெனிரமின், ஹைட்ரோகார்ட்டிசோன் இரண்டும் இந்த வேலையைச் செய்யா. முதலில் அவற்றைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் காணும் தாமதம்.

ஆக்சிஜன் இருந்தால் கொடுங்கள். நாடி பலவீனமாக இருந்தால் நரம்பு வழியாக உப்பு நீர், குழந்தைக்குக் கிலோவுக்கு 10 மி.லி. வேகமாக. ஆம்புலன்ஸை முதல் ஊசியோடு அழைத்துவிட வேண்டும். இரண்டு ஊசிக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை என்றால் அட்ரினலினைச் சொட்டு சொட்டாக நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கும். அது மானிட்டர் உள்ள மருத்துவமனையில் செய்வது. அங்கே போய்ச் சேரும் வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை தசையில் போட்டுக்கொண்டே இருங்கள். முழுக்கத் தேறிய குழந்தையையும் அனுப்பித்தான் ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து எந்தத் தூண்டலும் இல்லாமலே அறிகுறிகள் திரும்பலாம்.

உடன் போகும் சீட்டில் 'அட்ரினலின் 1 ஆம்பூல்' என்று எழுதாதீர்கள். 'அட்ரினலின் 1 மி.கி./மி.லி., 0.15 மி.லி., வலது தொடைத் தசை, 10.42, மறுபடி 0.15 மி.லி., இடது தொடை, 10.47' என்று எழுதுங்கள்.